மறைவாக இடும் தேடுசொற்களும் நம் துண்டு விற்பனையும்

நமது சங்கத்தின் விற்பனை நிலையத்திற்கு வடநாட்டிலிருந்து வந்த ஒருவர் ஒரு நாள் "கம்சா இருக்கிறதா?" என்று கேட்டார். அங்கே இருந்த விற்பனையாளர் அந்தச் சொல்லை முன்பின் கேட்டறியாதவர்; எனினும் வந்தவர் தோளைத் தட்டிக் காட்டியதிலிருந்து, அவர் கேட்பது மெல்லிய பருத்தித் துண்டுதான் என்று ஊகித்து, சிவப்புக் கரையிட்ட வெள்ளைத் துண்டு இரண்டினை எடுத்து விரித்துக் காட்டினார். வந்தவர் மகிழ்ச்சியுடன் நான்கு துண்டுகள் வாங்கிச் சென்றார். இணையக் கடையிலோ தோளைத் தட்டிக் காட்டுவதற்கு ஒருவரும் இல்லை. ஊகித்து அறிவதற்கும் ஒருவர் இல்லை. வாங்குவோர் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்கிறார். அந்தச் சொல் நம்முடைய பொருளோடு எங்கேனும் எழுதப்பட்டிருந்தால் நம் பொருள் அவர் கண்ணில் படும். எழுதப்படாவிடில் நம் துண்டு உலகில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

இதனை நாம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தோம். அமேசான் இந்தியத் தளத்தில் நமது துண்டுகளைப் பதிவு செய்த பொழுது, தலைப்பு, படம், விலை ஆகியவற்றில் மிகுந்த கவனம் செலுத்தினோம். ஆனால் வாங்குவோர் காணாத ஓர் இடமும் அந்தப் பதிவிலே உண்டு. விற்பனையாளர் பக்கத்தில் `Inventory` என்ற பகுதிக்குச் சென்று, பொருளுக்கு எதிரேயுள்ள `Edit` என்பதை அழுத்தினால், பொருள்வகையைப் பொறுத்து `Search Terms` என்றோ `Generic Keyword` என்றோ ஒரு கட்டம் தென்படும். அதில் நாம் எழுதுவது பொருட்பக்கத்தில் எங்கும் அச்சாவதில்லை. தேடும் இயந்திரம் மட்டுமே அதனைப் படிக்கிறது. கடையின் முன்பக்கத்தில் தொங்கும் பெயர்ப்பலகை தலைப்பு என்றால், இந்தக் கட்டம் கடையின் உள்ளே விற்பனையாளர் மனத்தில் வைத்திருக்கும் சொற்களைப் போன்றது. இதில் எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் நாம் செய்த தவற்றையே எடுத்துக்கொள்வோம். நமது துண்டின் தலைப்பு பின்வருமாறு அமைந்திருந்தது:

```
Handloom Cotton Bath Towel, Light Weight Quick Dry,
30 x 60 Inch, White with Red Border, Pack of 2
```

தலைப்பில் குறையொன்றும் இல்லை. ஆனால் மறைவான கட்டத்தில் நாம் அன்று எழுதி வைத்தது இது:

```
cotton towel bath towel handloom towel cotton bath towel
for men bath towel for women best towel turkish towel
microfiber towel
```

எழுதியவர் பெருமுயற்சி எடுத்துத்தான் எழுதினார். ஒரு சொல்லைப் பலமுறை சொன்னால் இயந்திரம் அதனை உறுதியாக நினைவில் கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். அன்று நாம் அனைவரும் அவ்வாறே எண்ணினோம். இப்பொழுது நிதானமாக எண்ணிப் பார்ப்போம். இதில் 21 சொற்கள் உள்ளன. அவற்றுள் `towel` என்ற சொல் மட்டும் 8 முறை வந்திருக்கிறது. `bath` 3 முறை, `cotton` 2 முறை, `handloom` ஒரு முறை. ஆக, 14 சொற்கள் ஏற்கெனவே தலைப்பில் இருப்பவையே. `for` என்பது 2 முறை. அது தேடலுக்கு எவ்விதப் பொருளும் தராத இடைச்சொல். `best` என்பது நம்மை நாமே புகழ்ந்துகொள்ளும் சொல். இத்தகைய சொற்களை இக்கட்டத்தில் இடக் கூடாதென்பது அத்தளத்தின் விதி. `turkish`, `microfiber` என்ற இரண்டும் நம் துண்டைப் பற்றிய பொய். எஞ்சியவை `men`, `women` என்ற இரண்டு சொற்களே. இருபத்தொரு சொற்களில் உண்மையாக வேலை செய்தவை இரண்டு!

தலைப்பிலுள்ள சொல்லைத் திரும்ப எழுதுவதால் ஏன் பயனில்லை என்பதை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. தேடும் இயந்திரம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறது. தலைப்பிலிருந்தும், பொருட்பக்கத்தின் வேறு பகுதிகளிலிருந்தும், மறைவான கட்டத்திலிருந்தும் சொற்களை எடுத்து அப்பட்டியலில் சேர்க்கிறது. ஒரு சொல் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா என்பதே அங்கு முதற்கேள்வி. சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டில் ஒருவர் பெயரை எட்டு முறை எழுதினாலும் அவருக்கு ஒரு வாக்குத்தான் உண்டு. அது போன்றதே இதுவும். மேலும், சொற்களை அது தனித்தனியாகவே கோத்துப் பார்ப்பதால், `cotton bath towel` என்று தேடுகிறவருக்கு அந்தச் சொற்றொடர் அப்படியே ஓரிடத்தில் இருக்க வேண்டுமென்பதில்லை. தலைப்பில் `towel` இருந்து, மறைவான கட்டத்தில் `hostel` இருந்தால், `hostel towel` என்று தேடுகிறவருக்கு நம் பொருள் கிடைக்கும். ஆகவே `hostel` என்று எழுதிய பின் மீண்டும் `towel` என்று எழுதுவது நூலை வீணாக்குவதாகும்.

நூல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இக்கட்டத்தில் இடம் அளவிட்டே தரப்படுகிறது. இந்தியத் தளத்தில் அது 200 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அமெரிக்கத் தளத்தில் 250 பைட்டுக்குள் அடங்க வேண்டும். பைட் என்பது கணிப்பொறி எழுத்துக்களை வைத்துக்கொள்ளும் அளவு. ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு பைட். தமிழ் எழுத்திற்கோ அவ்வாறன்று. `துண்டு` என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணிப்பொறி அதனைத் த, உகரக் குறி, ண, புள்ளி, ட, உகரக் குறி என ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் மூன்று பைட் வீதம் 18 பைட் எடுத்துக்கொள்கிறது. அதே சொல்லை `thundu` என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் 6 பைட்டுதான். தேவநாகரி எழுத்துக்கும் இதே கணக்கு: `गमछा` என்பது 12 பைட், `gamcha` என்பது 6 பைட். சொற்களுக்கிடையே விடும் இடத்தையும் ஒரு பைட்டாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நாம் கடைப்பிடிக்கும் வழக்கம். அப்படிக் கணக்கிட்டால் ஒருபொழுதும் எல்லை மீறாது. எல்லையை மீறினால் மிகுதியான சொற்கள் மட்டும் கழிக்கப்படும் என்று எண்ணிவிடலாகாது. வரி முழுவதுமே ஏற்கப்படாமற் போகக்கூடும். கூலிக்கணக்கில் ஒரு பைசா பிசகினால் பட்டியல் முழுவதையும் திருப்பி அனுப்பும் தணிக்கையாளரைப் போன்றது இது.

நம்முடைய பழைய வரி இடங்களையும் சேர்த்து 127 பைட். எல்லைக்குள்தான் இருந்தது. குறை அளவில் இல்லை, உள்ளீட்டில் இருந்தது. அந்தக் குறையின் விளைவை இனிக் கூறுவோம்.

`turkish towel` என்று நம் நாட்டில் கேட்பவர் எதிர்பார்ப்பது, இருபுறமும் நூல் வளையங்கள் எழும்பிய தடித்த துண்டு. கடைகளில் 'டர்க்கி டவல்' என்று வழங்குவது அதுவே. நமது துண்டோ வளையமின்றிச் சமதளமாக நெய்த மெல்லிய துண்டு. `microfiber` என்பது பருத்தியே அன்று, செயற்கை இழை. இவ்விரு சொற்களால் நம் பொருளைக் கண்டவர்களுள் சிலர், படத்தைச் சரியாகப் பாராமல் வாங்கினார்கள். துண்டு கைக்குச் சென்றதும், "மிகவும் மெல்லியதாக இருக்கிறது", "எதிர்பார்த்தது இதுவன்று" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். போகவும் வரவும் ஆன செலவு சங்கத்தின் தலையில் விழுந்தது. திரும்பி வந்தவற்றுள் சில பிரித்து நனைக்கப்பட்டிருந்தமையால் மீண்டும் விற்கத் தகுதியற்றுப் போயின. அதைவிடப் பெரிய நஷ்டம், ஒன்றும் இரண்டுமாக விழுந்த நட்சத்திரங்கள். தறியில் எவ்விதப் பிழையும் இல்லை. பாவிலும் ஊடையிலும் எவ்விதப் பிழையும் இல்லை. மெல்லியதாக நெய்ய வேண்டுமென்றே நெய்த துண்டினை மெல்லியதென்று குறை கூறினார்கள். அந்தக் குறையை நெய்தவர் சுமக்க நேர்ந்தது. நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் எழுந்து, "என் தறியில் என்ன தப்பு என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்று கேட்ட பொழுது, விடை கூற நம்மிடம் சொல் இல்லை. தப்பு தறியில் இல்லை, எழுதியவர்களாகிய நம்மிடமே என்பதை ஒப்புக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின.

பொருந்தாத சொல்லால் வாங்காமற் போகிறவராலும் தீங்கு உண்டு. பலர் நம் பொருளைக் கண்டு, தமக்கு வேண்டியது இதுவன்று என்று கடந்து சென்றால், அச்சொல்லுக்கு இப்பொருள் ஏற்றதன்று என்பதை இயந்திரம் நாளடைவில் அறிந்துகொள்கிறது. ஆகவே பொய்ச்சொல் தரும் இலாபம் சில நாட்களுக்கு மேல் நிலைப்பதும் இல்லை. இந்தச் சூதாட்டத்தை உலகம் முன்னரே ஆடிப் பார்த்துவிட்டது. இணையப் பக்கங்களின் மறைவான பகுதியில் திறவுச்சொற்களை அடைத்து வைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் எங்கும் பரவியிருந்தது. அது மிதமிஞ்சிப் போனதால், அந்தப் பகுதியைத் தரவரிசைக்குத் தாம் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லையென்று 2009 செப்டம்பரில் கூகிள் நிறுவனத்தார் வெளிப்படையாக அறிவித்தனர். நல்லவர் எழுதியதும் அதனோடு சேர்ந்து பயனற்றுப் போயிற்று.

இனி, சரியான சொற்களைத் தேடும் முறைக்கு வருவோம். நாம் கைக்கொண்ட வழி மிக எளியது. ஒரு தாளை எடுத்து, தலைப்பிலுள்ள சொற்களையெல்லாம் மேலே எழுதி, அவற்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டோம். அடித்த சொல் எதுவும் கீழே வரக் கூடாது. நிறம், அளவு, நூலின் வகை ஆகியவற்றிற்கெனத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. அவை அங்கேயே நிரப்பப்பட வேண்டும். ஆதலால் அவற்றையும் அடித்துவிட்டோம். சங்கத்தின் பெயரையும் அடித்தோம். தம் சொந்த வணிகப் பெயரானாலும் பிறருடையதானாலும் அது இக்கட்டத்தில் இடம்பெறக் கூடாதென்பது விதி. சிலர் பிரபலமான வேறொரு விற்பனை நிறுவனத்தின் பெயரை இங்கே ஒளித்து வைக்க ஆசைப்படுவதுண்டு. அது விதிக்கு மாறானது மட்டுமன்று. பிறர் முத்திரையை நம் துணியில் குத்துவதற்கு நிகரானது.

பிறகு, இந்தத் துண்டினை ஒவ்வொரு நாட்டாரும் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று விசாரித்தோம். இங்கேதான் பெருஞ்செல்வம் புதைந்திருந்தது. நாம் துண்டு என்கிறோம். மலையாள நாட்டார் தோர்த்து என்கிறார்கள். வடநாட்டாரும் வங்காளத்தாரும் கம்சா என்கிறார்கள். இந்தி பேசுவோரிடம் அங்கோச்சா என்ற பெயரும் வழங்குகிறது. தெலுங்கர் துவ்வாலு என்கிறார்கள். இச்சொற்களில் ஒன்றேனும் நம் தலைப்பில் இல்லை. அன்று தோளைத் தட்டிக் காட்டிய அந்த மனிதர் தம் ஊரிலிருந்துகொண்டு `gamcha` என்று தேடியிருந்தால், நம் துண்டு அவருக்கு எவ்வாறு கிடைத்திருக்கும்?

இச்சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு ஒரே முறை கிடையாது. ஒருவர் `gamcha` என்பார். மற்றொருவர் `gamchha` என்பார். `thorthu` என்றும் `thorth` என்றும் எழுதுவோர் உளர். `towel` என்பதைப் பிழையாக `towal` என்று எழுதுகிறவரைத் தேடும் இயந்திரம் தானே திருத்திக்கொள்ளும். ஆதலால் பிழைச்சொற்களை நாம் எழுதத் தேவையில்லை. எழுத வேண்டாமென்றே அத்தளமும் கூறுகிறது. ஆனால் `gamchha` என்பது பிழையன்று. அதுவும் ஒரு வழக்கு. பிழையும் வழக்கும் வெவ்வேறு என்பதை மனத்திற்கொண்டு, பெருவழக்காயுள்ள ஓரிரு வடிவங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பத்து வடிவங்களை அடுக்க வேண்டியதில்லை. ஒருமை எழுதினால் பன்மை எழுதத் தேவையில்லை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. காற்புள்ளியும் வேண்டாம், இடைவெளி விட்டால் போதும்.

அடுத்ததாக, இத்துண்டினை மக்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தோம். இதற்கு நாம் நம் மனத்தைக் கேட்கவில்லை. வாங்கியவர்கள் எழுதிய மதிப்புரைகளைப் படித்தோம். நீண்ட கூந்தலை உலர்த்துவதற்கு இதுவே ஏற்றதென்று பெண்மணிகள் எழுதியிருந்தார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்கு, விரைவில் உலர்கிறது என்பதற்காக வாங்கினேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். பயணத்தில் மடித்து வைக்க இடம் குறைவாக எடுக்கிறது என்று மற்றொருவர். `hair`, `hostel`, `travel` என்ற சொற்கள் இவ்வாறு கிடைத்தன. தளத்தில் விளம்பரம் கொடுத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: வாங்குவோர் எந்தச் சொல்லைத் தட்டி நம் விளம்பரத்தை அழுத்தினார்கள் என்பதைக் காட்டும் அறிக்கை அவர்களுக்குத் தரப்படுகிறது. அதில் அழுத்தல் மட்டுமின்றி, வாங்கியதும் எந்தச் சொல்லால் என்பதைக் கவனிக்க வேண்டும். அழுத்தல் மிகுந்து விற்பனை இல்லாத சொல் பெரும்பாலும் பொருந்தாத சொல்லே.

சேர்ந்த சொற்களை வடிகட்டுவதற்கு நாம் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டோம். இச்சொல்லைத் தட்டியவருக்கு முன் நம் துண்டினை விரித்தால், "ஆம், இதைத்தான் கேட்டேன்" என்பாரா, "இதுவன்று" என்பாரா? இக்கேள்வியால் சில ஆசையான சொற்களை விட்டுவிட நேர்ந்தது. `angavastram` என்ற சொல்லைச் சேர்க்கலாமென்று ஒருவர் கூறினார். அதுவும் தோளில் இடுவதுதான். ஆயினும் அதைத் தேடுகிறவர் சரிகைக் கரையிட்ட மேலாடையை எதிர்பார்ப்பார். குளியல் துண்டைக் கண்டால் முகம் சுளிப்பார். ஆகவே அது நீக்கப்பட்டது. `kerala` என்ற சொல்லும் அவ்வாறே. தோர்த்து என்று தேடுவோருள் பலர் அதனையும் சேர்த்துத் தட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் நம் துண்டு அங்கே நெய்ததன்று. தோர்த்து என்பது துணியின் வகையைக் குறிக்கும் பெயர். கேரளம் என்பதோ நெய்த ஊரைக் குறிக்கும் பெயர். முன்னதை எழுதுவதில் தவறில்லை. பின்னதை எழுதினால், அவ்வூர் நெசவாளரின் சோற்றில் நாம் கை வைத்ததாகும். `gamcha` என்பதைப் பற்றியும் குழுவில் விவாதம் நடந்தது. கம்சா என்றால் சிவப்புக் கட்டம் போட்டது என்ற எண்ணம் பலருக்கு உண்டு, நம்முடையது கட்டமில்லாதது. எனினும் மெல்லிய பருத்தித் துண்டு என்பதே அச்சொல்லின் உயிர்நிலை. நிறமும் கரையும் படத்தில் தெரிகின்றன. அன்று கடைக்கு வந்தவரும் கட்டமில்லாததையே மகிழ்ந்து வாங்கினார். ஆகவே அதனை வைத்துக்கொண்டோம். இதில் மாறுபட்ட கருத்துடையவர்கள் இருக்கலாம்.

இவ்வாறு வடித்தெடுத்த பின் அமைந்த வரி இது:

```
thundu thorthu thorth gamcha gamchha angocha tuvvalu
flat woven thin absorbent hair body travel hostel
swimming gym men women துண்டு
```

கட்டத்தில் இதனை ஒரே வரியாகவே எழுத வேண்டும். இங்கே பக்கத்தின் அகலத்திற்காக மடித்திருக்கிறோம். 20 சொற்கள், ஒன்றேனும் தலைப்பில் இல்லை, ஒன்றேனும் இருமுறை வரவில்லை. ஆங்கில எழுத்துச் சொற்கள் இடங்களோடு சேர்ந்து 125 பைட். இறுதியிலுள்ள தமிழ்ச்சொல் அதன் முன்னுள்ள இடத்தோடு 19 பைட். ஆக 144 பைட். அத்தளம் 2020 முதல் தமிழிலும் நடைபெறுவதால் தமிழெழுத்தில் தேடுவோரையும் கருதி அந்த ஒரு சொல்லுக்கு இடம் ஒதுக்கினோம். `thin` என்ற சொல்லை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். எந்தக் குணத்தைக் குறையென்று கூறித் துண்டினைத் திருப்பி அனுப்பினார்களோ, அதே குணத்தை நாடித் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். 56 பைட் இன்னும் மீதமிருக்கிறதே, அதனை நிரப்பலாகாதா என்று கேட்டவர்களுக்கு நாம் கூறிய விடை: பொருந்தும் சொல் கிடைத்தால் நிரப்பலாம், கிடைக்காவிடில் காலியாக இருக்கட்டும். `baby` என்ற சொல் அவ்வாறு இன்னும் காத்திருக்கிறது. குழந்தைகளுக்கு எண்ணெய்க் குளியலுக்குப் பின் இத்துண்டினைப் பயன்படுத்துவோர் உண்டெனினும், 30 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள துண்டினைக் குழந்தைத் துண்டென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

எழுதி முடித்ததோடு வேலை முடியவில்லை. எழுதிய சொல்லை இயந்திரம் பட்டியலில் ஏற்றதா என்று சோதிக்க வேண்டும். ஓரிரு நாள் கழித்து, தளத்தின் தேடுகட்டத்தில் பொருளின் பத்து எழுத்து அடையாள எண்ணையும் அதனருகே ஒரு சொல்லையும் சேர்த்துத் தட்ட வேண்டும்:

```
B0XXXXXXXX gamcha
```

`X` இருக்குமிடத்தில் நம் பொருளின் எண் வரும். நம் துண்டு தோன்றினால் அச்சொல் ஏற்கப்பட்டது, தோன்றாவிடில் ஏற்கப்படவில்லை. ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. நாம் எங்கும் எழுதாத, நமக்குத் தொடர்பே இல்லாத ஒரு சொல்லையும், உதாரணமாக `bicycle` என்பதையும், அதே எண்ணோடு தட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் துண்டு தோன்றினால், இயந்திரம் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லைப் பொருட்படுத்தவில்லை என்று பொருள். அன்றைய சோதனையை நம்பக் கூடாது. சாயத்தைச் சோதிக்கும் பொழுது சாயமிடாத ஒரு நூலையும் அருகே வைத்துக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். இதே சோதனையை எழுதுவதற்கு முன்பும் செய்து பார்ப்பது சிக்கனம். `absorbent` போன்ற சொல் ஏற்கெனவே பொருட்பக்கத்தின் விளக்கத்திலிருந்து பட்டியலில் ஏறியிருந்தால், அதற்கு மறைவான கட்டத்தில் இடம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் வேறொரு சொல் குடியேறலாம்.

ஒரே சமயத்தில் தலைப்பு, விலை, படம், தேடுசொல் ஆகிய அனைத்தையும் மாற்றிவிட்டால், எதனால் விற்பனை கூடியது அல்லது குறைந்தது என்று எவராலும் கூற இயலாது. நாம் தேடுசொற்களை மட்டும் மாற்றி, பழைய வரியையும் மாற்றிய தேதியையும் குறிப்பேட்டில் எழுதி வைத்து, நான்கு வாரம் பொறுத்துப் பார்த்தோம். திருப்பி அனுப்புவோர் "எதிர்பார்த்தது இதுவன்று" என்று காரணம் கூறுவது குறைந்ததா என்பதையே முதலில் கவனித்தோம். விற்பனையின் ஏற்றத் தாழ்வுக்குப் பண்டிகை, மழை, விலை என்று பல காரணங்கள் இருக்கும். ஆனால் அந்தக் காரணச்சொல் குறைவது பெரும்பாலும் பொய்ச்சொற்களை நீக்கியதால்தான்.

விவசாய அங்கத்தினர்கள், இது நெசவாளருக்கு மட்டும் உரிய பாடம் என்று எண்ணிவிட வேண்டாம். மஞ்சள் தூள் விற்கும் சங்கமொன்றினர் தமது வரியை நம்மிடம் காட்டினார்கள். தலைப்பில் `Turmeric Powder` என்று இருந்தது. மறைவான கட்டத்தில் `turmeric` என்பதே மும்முறை இருந்தது. `manjal`, `haldi`, `pasupu`, `arishina` என்ற பெயர்கள் ஒன்றுகூட இல்லை. அவற்றைச் சேர்ப்பது எளிதாயிற்று. ஆனால் `kasturi` என்ற சொல்லை எடுத்துவிட அவர்கள் எளிதில் இசையவில்லை. அதனால் பலர் வருகிறார்கள் என்றார்கள். கஸ்தூரி மஞ்சள் வேறு இனம், முகத்திற்குப் பூசுவது. சமையல் மஞ்சளைப் பூசினால் தோலில் மஞ்சட் கறை தங்கிவிடும். அந்தச் சொல்லால் வந்து வாங்கிய ஒரு பெண்மணி, தம் மகளின் நிச்சயதார்த்தத்திற்கு முதல் நாள் அதனை முகத்தில் பூசிவிட்டு எழுதிய கடிதத்தை அவர்களே எடுத்துக் காட்டினார்கள். அதனைப் படித்த பிறகு, அன்று மாலையே அச்சொல்லை நீக்கினார்கள்.